3 நாள் ரயில் பயணம்: அப்பா 78, அம்மா 74, இருவருக்கும் அதிகம் நடக்க முடியாது. எப்படித் திட்டமிடுவது?

கடைக்குட்டி (திங்கள் இரவு)

எல்லாருக்கும் வணக்கம். அப்பா முதன்முதலில் வாத்தியார் வேலை பார்த்த ஊரை ஒருமுறை பார்க்கணும்னு 2 வருஷமா சொல்லிட்டே இருக்கார். அடுத்த மாசம் கூட்டிட்டுப் போகலாம்னு முடிவு பண்ணிட்டோம். அப்பா, அம்மா, நான், கணவர், 10 வயசுப் பையன். முதல் நாள் காலைல கிளம்பி மதியம் போய்ச் சேரணும். இரண்டாம் நாள் அங்கே. மூன்றாம் நாள் திரும்பணும்.

அம்மாவுக்கு இதயத்தில் கொஞ்சம் பிரச்சினை. சமதளத்தில் மெதுவா நடப்பாங்க, படி ஏறினா மூச்சு வாங்கும். காலைல நீர் மாத்திரை போடுறாங்க. அப்பாவுக்கு முழங்கால். "நான் நல்லாத்தான் நடக்கிறேன்"னுதான் சொல்வார், ஆனா தெருமுனை போறதுக்குள்ள 2 தடவை நின்னுடுவார்.

2 ரயில் இருக்கு. ஒண்ணு 4 மணி 50 நிமிஷம், ஆனா நடுவில் ஒரு சந்திப்பில் மாறணும், மாற 25 நிமிஷம் இருக்கு. இன்னொண்ணு நேரடி ரயில், 6 மணி 15 நிமிஷம், காலை 8:10க்குப் புறப்படுது. எது நல்லது? வேற எதையெல்லாம் கவனிக்கணும்?

ஜன்னலோரம்

வேகமான ரயிலையே எடுங்க. வயசானவங்க எவ்வளவு குறைச்ச நேரம் உட்கார்றாங்களோ அவ்வளவு நல்லது, கால் வீங்காது. 25 நிமிஷம் தாராளம், நான் 8 நிமிஷத்துல மாறியிருக்கேன். அன்னிக்கு மட்டும் நீர் மாத்திரையை நிறுத்திடுங்க, தண்ணியும் கொஞ்சமா குடிக்கச் சொல்லுங்க. கழிப்பறைத் தொல்லையே இருக்காது. எங்க பெரியம்மாவுக்கு அப்படித்தான் செஞ்சோம்.

பெட்டிக்கணக்கு

ஜன்னலோரம் தம்பி, 8 நிமிஷத்துல மாறினது நீங்க. இங்கே மாறப்போறது 78 வயசு முழங்கால்.

நான் 30 வருஷத்துக்கு மேல் நிலையங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கடைக்குட்டிம்மா, ரயிலில் உட்கார்ந்திருக்கிற நேரத்தை விட்டுட்டு, ரயிலுக்கு வெளியே நடக்கிற தூரத்தைக் கணக்குப் போடுங்க. முதியவங்க பயணம் கெடுறது ரயிலுக்குள்ள இல்லை, நடைமேடையில்.

ஒரு பெட்டி ஏறக்குறைய 24 மீட்டர் நீளம். 18 பெட்டி இருந்தா ரயிலே 430 மீட்டர். உங்க பெட்டி ஒரு கோடியில், வாசல் மறுகோடியில்னு வெச்சுக்கோங்க, நடைமேடையில் மட்டும் அரை கிலோமீட்டருக்குப் பக்கமா நடக்கணும். சந்திப்பில் மாறினா இது ரெண்டு மடங்கு. நடுவில் மேம்பாலம் வேற.

மேம்பாலத்தைப் பத்தி ஒரு விஷயம். மின்சார வழித்தடத்தில் கம்பிக்கு மேலே பாலம் போகணும், அதனால உயரம் அதிகம். ஒரு பக்கம் ஏற 40 படிக்குக் குறையாது, மறுபக்கம் அதே 40 படி இறங்கணும். சுரங்கப்பாதை அப்படியில்லை, ஒரு மனுஷன் நிமிர்ந்து போற உயரம் இருந்தா போதும். 25 படிக்குள்ள முடிஞ்சிடும். ரெண்டும் இருக்கிற நிலையத்தில் கண்ணை மூடிட்டு சுரங்கப்பாதையைத் தேர்ந்தெடுங்க.

நேரடி ரயிலே எடுங்க. 25 நிமிஷம்கிறது முதல் ரயில் சரியான நேரத்துக்கு வந்தாத்தான். 15 நிமிஷம் தாமதமானா உங்க கையில் மிஞ்சுறது 10 நிமிஷம், அதில் 80 படி.

மாலைநடை

படிக்கு எதுக்குக் கவலை? இப்பல்லாம் சாய்தளம் இருக்கே. அதில் மெதுவா நடந்து போயிடலாம்.

பெட்டிக்கணக்கு

சாய்தளம் சக்கர நாற்காலிக்கு நல்லது, நடக்கிறவங்களுக்கு இல்லை. தள்ளிட்டுப் போற மாதிரி சாய்வு இருக்கணும்னா ஒரு மீட்டர் ஏற 12 மீட்டர் நீளம் வேணும். பாலம் 6 மீட்டர் உயரம்னா ஏற 72 மீட்டர், இறங்க 72 மீட்டர். நடுவில் திரும்புற இடங்களைக் கணக்கில் சேர்க்கலை. படி ஏற முடியாதவரை 150 மீட்டர் ஏத்த இறக்கத்தில் நடக்க விட்ட மாதிரி ஆயிடும்.

சுதா_இயன்முறை

நான் இயன்முறை மருத்துவர். 2 விஷயம் சொல்லணும், முதல்ல அவசரமானது.

நீர் மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. இதய நோயாளிக்கு ஒரு நாள் விட்டாலே நுரையீரலில் நீர் சேர்ந்து ராத்திரி படுக்க முடியாம போகலாம். தண்ணீரைக் குறைச்சா தலைசுற்றல் வரும், எழுந்து நிக்கும்போது விழுவாங்க. செய்ய வேண்டியது, நேரத்தை மாத்த முடியுமான்னு டாக்டரைக் கேட்கிறது. இந்த வகை மாத்திரைகள் பெரும்பாலும் போட்ட ஒரு மணி நேரத்துக்குள்ள வேலை செய்ய ஆரம்பிச்சு, அடுத்த 2 மணி நேரம் அடிக்கடி போக வைக்கும், அப்புறம் மெல்ல அடங்கும். உங்க ரயில் 8:10. 7 மணிக்குப் போட்டா சரியா நிலையத்திலயும் ரயில் ஏறின உடனேயும் அவதி. மதியம் போய் அறையில் இறங்கினதும் போடலாமான்னு கேளுங்க. மருந்து பேரைச் சொல்லிக் கேளுங்க, ஏன்னா எல்லாம் ஒரே மாதிரி இல்லை.

ரெண்டாவது, அப்பா "நின்னுடுவார்"னு சொன்னீங்களே. எப்படி நிக்கிறார்னு பார்த்திருக்கீங்களா? சும்மா நின்னா சரியாகுதா, இல்லை எதையாவது பிடிச்சுக் குனிஞ்சு நிக்கிறாரா, உட்கார்ந்தாத்தான் சரியாகுதா?

கடைக்குட்டி

சுதா மேடம், நீங்க கேட்டதுக்கப்புறம் இன்னிக்கு சாயங்காலம் அப்பாகூட நடந்தேன். அவருக்குச் சொல்லாம.

தெருவில் ஒரு அறிவிப்புப் பலகை இருக்கு. அங்கே நின்னு படிக்க ஆரம்பிச்சார். ரெண்டு கையையும் பலகையின் கீழ்க்கட்டையில் ஊன்றி, நல்லா குனிஞ்சு. அதில் இருக்கிற அறிவிப்பு போன வருஷத்தது! 1 நிமிஷம் கழிச்சு நிமிர்ந்து "சரி போலாம்"னார். அடுத்து ஒரு மதில்சுவர், அதே மாதிரி குனிஞ்சு, செருப்பைச் சரி பண்ற மாதிரி. இத்தனை வருஷமா அவருக்கு எல்லாத்தையும் நின்னு பார்க்கிற பழக்கம்னு நினைச்சிட்டிருந்தேன்.

அடி வெச்சுக் கணக்குப் பார்த்தேன். முதல் தடவை நின்னது சுமார் 140 மீட்டரில். ரெண்டாவது அதிலிருந்து 90 மீட்டரில்.

சுதா_இயன்முறை

அது முழங்கால் மட்டும் இல்லை போல இருக்கு. குனிஞ்சா சரியாகுதுன்னா முதுகுத்தண்டில் நரம்பு போற வழி குறுகியிருக்கலாம். நிமிர்ந்து நடந்தா காலில் வலியோ மரத்துப்போறதோ வரும், முன்னால சாய்ஞ்சா விலகும். இப்படிப்பட்டவங்க சந்தையில் தள்ளுவண்டியைப் பிடிச்சுக்கிட்டா அரை மணி நேரம்கூட நடப்பாங்க, வெறுங்கையில் 5 நிமிஷம் நடக்க மாட்டாங்க. வேற சிலருக்கு நின்னாலே போதும், குனிய வேண்டாம், கெண்டைக்கால் வலி போயிடும். அது ரத்தக்குழாய் பக்கம், வேற வைத்தியம். நான் இணையத்தில் சொல்றதை வெச்சு எதுவும் முடிவு பண்ணாதீங்க, கிளம்புறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

பயணத்துக்கு இதில் என்ன பயன்னா, 140 மீட்டர் அவர் நல்லா இருக்கும்போது, தெரிஞ்ச தெருவில், கையில் பை இல்லாம நடந்தது. கூட்டத்தில், அவசரத்தில் பாதிதான் வரும். ஒரே மூச்சில் 70 மீட்டர்னு வெச்சுக்கோங்க, அப்புறம் உட்கார ஒரு இடம். கைத்தடி நிமிர வைக்கும், அது அவருக்குப் பெரிசா உதவாது. உட்காரும் பலகையோட வர்ற நாலு சக்கர நடைவண்டி இருந்தா முன்னால சாய்ஞ்சு நடக்கலாம், வேணும்னா தடுப்பைப் போட்டுட்டு அதிலேயே உட்காரலாம். உட்கார வெச்சு மட்டும் தள்ளாதீங்க, அது அதுக்காகச் செஞ்சது இல்லை, கவிழ்ந்துடும்.

குட்டியின்_அப்பா

எங்க பையனுக்கு 2 வயசு, மடக்கும் தள்ளுவண்டியை ரயிலில் எங்கே வைக்கிறதுன்னு தெரியலை. இருக்கைக்கு அடியில் போகுமா? யாராவது சொல்லுங்க.

ஜன்னலோரம்

அண்ணே, இது பெரியவங்க நடைவண்டி பத்தின பேச்சு.

குட்டியின்_அப்பா

மன்னிக்கவும், தலைப்பை மேலோட்டமா பார்த்துட்டேன். ஆனா கேள்வி ஒண்ணுதானே, மடக்கினதை எங்கே வைக்கிறது?

பெட்டிக்கணக்கு

கேள்வி சரிதான். மடக்கின நிலையில் அகலத்தையும் உயரத்தையும் அளந்து வெச்சுக்கோங்க. இருக்கைக்கு அடியில் போகலைன்னா பெட்டியின் கோடியில் சாமான் வைக்கிற இடம், அதுவும் இல்லைன்னா கடைசி இருக்கையின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடுக்கு. கதவுப்பக்கம் வைக்காதீங்க, இறங்குறவங்க தடுக்கி விழுவாங்க.

கடைக்குட்டிம்மா, இப்ப உங்க கணக்கைப் போடுவோம். உங்க ஊரில் ரயில் எந்த நடைமேடையிலிருந்து கிளம்புது? வாகனம் நிக்கிற இடத்திலிருந்து அங்கே எவ்வளவு தூரம்? ஒருநாள் நேரில் போய் அடியெண்ணிட்டு வாங்க.

கடைக்குட்டி (வியாழன்)

போயிட்டு வந்தேன். அந்த ரயில் வழக்கமா 4ஆம் நடைமேடையாம். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து நுழைவாயில் 70 மீட்டர், அங்கிருந்து மேம்பாலம் 40 மீட்டர், 41 படி ஏறி, 60 மீட்டர் பாலத்தில் நடந்து, 41 படி இறங்கி, பெட்டி எங்கே நிக்குதோ அதுவரை 50லிருந்து 250 மீட்டர் வரை.

மின்தூக்கி இருக்குன்னு சந்தோஷப்பட்டேன். பார்த்தா அது நிலையத்தின் மறுகோடியில். நுழைவாயிலிலிருந்து 180 மீட்டர்! ஏறி இறங்கினதும் அதே 180 மீட்டர் திரும்பி வரணும். படி ஏறாம இருக்கறதுக்காக 360 மீட்டர் நடக்கணும்.

பெட்டிக்கணக்கு

பார்த்தீங்களா, மின்தூக்கி இருக்குன்னு பலகையைப் பார்த்து நம்பினா இப்படித்தான். அப்ப உங்களுக்கு வழி ஒண்ணுதான். நிலையத்தில் சக்கர நாற்காலி உதவி கேட்டுப் பதிவு பண்ணிடுங்க. எத்தனை மணி நேரம் முன்னாடி சொல்லணும்னு ஒவ்வொரு ரயில்வேயும் ஒரு விதி வெச்சிருக்கும், ஒரு நாளுக்கு மேல முன்னாடியே சொல்றது நல்லது. கிளம்புற நிலையம், இறங்குற நிலையம், திரும்பி வர்றது, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா சொல்லணும். ஒண்ணு பதிஞ்சா எல்லா இடத்துக்கும் தானா போயிடும்னு நினைக்கிறவங்கதான் இறங்கின இடத்தில் தவிப்பாங்க. அன்னிக்குக் காலைல போன் பண்ணி ரெண்டே கேள்வி: மின்தூக்கி ஓடுதா? நடைமேடை மாறியிருக்கா?

பெட்டி எது கிடைக்கும்னு பாருங்க. வாசல் எந்தப் பக்கம்னு தெரியலைன்னா கோடிப்பெட்டியைவிட நடுப்பெட்டி நல்லது, எந்தப் பக்கம் வாசல் இருந்தாலும் பாதி தூரம்தான். பெட்டிக்குள்ள கதவுப்பக்கத்து இருக்கை, கழிப்பறைக்குப் பக்கம். வாடையைப் பார்த்துத் தள்ளி உட்கார்ந்தா ஓடுற ரயிலில் அம்மா பெட்டி நீளத்துக்கும் நடக்கணும்.

இன்னொண்ணு. இறங்குற ஊரில் ரயில் எவ்வளவு நேரம் நிக்கும்?

கடைக்குட்டி

3 நிமிஷம் சார். அது நடுவழி நிலையம்.

பெட்டிக்கணக்கு

அப்ப போறதைவிட வர்றதுதான் கஷ்டம். போகும்போது உங்க ஊர் புறப்படுற நிலையம், ரயில் முன்னாடியே வந்து நிக்கும், நிதானமா ஏறலாம். திரும்பும்போது 3 நிமிஷத்தில் 5 பேரும் ஏறணும். அதுவும் 3ஆம் நாள், எல்லாரும் களைச்சிருப்பீங்க. எல்லாரும் கிளம்புற நாளைத்தான் திட்டம் போடுவாங்க, திரும்புற நாளை விட்டுடுவாங்க.

அந்த ஊருக்கு முன்னாடி நிலையம் எது, அங்கே எவ்வளவு நேரம் நிக்குதுன்னு பாருங்க. பெரிய நிலையமா இருந்தா காரில் போய் அங்கேயே ஏறிடுங்க. பயணச்சீட்டில் ஏறுமிடமா அதையே போடணும், அதை மறந்துடாதீங்க.

கடைக்குட்டி

பார்த்தேன் சார்! 22 கி.மீ.யில் ஒரு பெரிய நிலையம், அங்கே 15 நிமிஷம் நிக்குது. முதல் நடைமேடை, பாலமே ஏற வேண்டாம். காரில் முக்கால் மணி நேரம் ஆகும், ஆனா உட்கார்ந்தே போறதுதானே.

தடி_ஊன்றி

நான் 76 வயசுக்காரன், இடதுகால் சரியில்லை, தடி வெச்சிருக்கேன். ரெண்டு நாளா படிச்சிட்டிருக்கேன். எல்லாரும் எங்களைச் சாமான் மாதிரி எங்கே ஏத்துறது, எங்கே இறக்குறதுன்னு பேசுறீங்க. கோபப்படாதீங்க, உண்மையைத்தான் சொல்றேன்.

என் மகன் சொல்லாம கொள்ளாம சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து நிறுத்தினான், நடைமேடையில் எல்லார் முன்னாலயும். நான் உட்காரலை. 300 மீட்டர் நடந்தேன், மறுநாள் முழுக்கப் படுத்துக் கிடந்தேன். பிடிவாதம்தான். ஆனா முந்தின நாள் வீட்டிலேயே "அப்பா, இவ்வளவு தூரம் இருக்கு, என்ன செய்யலாம்?"னு கேட்டிருந்தா நானே நாற்காலி கேட்டிருப்பேன். உங்க அப்பா வாத்தியாரா இருந்தவர்னு சொல்றீங்க. அந்தக் கணக்கை அவர்கிட்டயே கொடுங்க. 70 மீட்டர், 41 படின்னு எழுதி நீட்டுங்க.

இன்னொரு விஷயம். இறங்கும்போது மகன் எனக்கு முன்னால இறங்கி என் கையைப் பிடிச்சு இழுப்பான். இழுக்காதீங்கய்யா. கையை நீட்டினா போதும், நான் பிடிச்சுக்கிறேன்.

சுதா_இயன்முறை

ஐயா சொன்னது நூத்துக்கு நூறு சரி. இழுத்தா அவங்க உடம்பின் எடை முன்னால போயிடும். உதவுறவங்க கீழே நின்னு முன்கையைக் கம்பு மாதிரி நீட்டணும். படி உயரமா இருந்தா கதவுப்பக்கம் முதுகைக் காட்டி, ரெண்டு கையாலயும் கம்பியைப் பிடிச்சு, ஏணியில் இறங்குற மாதிரி இறங்குறது பலருக்கு எளிது. ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது வலிக்கிற கால் முதல்ல. தடி வலிக்கிற காலுக்கு எதிர்க்கையில்.

உங்க ரயிலுக்கு வரிசை இப்படி: கணவர் வெறுங்கையோட முதல்ல இறங்கணும், பிறகு அம்மா, அப்பா, அவங்களுக்குப் பின்னால நீங்க. பையன் உங்ககூட. பெட்டிகளை எல்லாரும் இறங்கினதும் கடைசியா கொடுத்து வாங்குங்க. நம்ம ஆட்கள் முதல்ல சாமானை இறக்கி வாசலை அடைச்சிட்டு அப்புறம் பெரியவங்களைத் தேடுவாங்க.

ஜன்னலோரம்

ரயில் நிக்கிறதுக்கு முன்னாடியே எழுப்பிக் கதவுகிட்ட நிறுத்திடலாமே? 3 நிமிஷம்தானே.

பெட்டிக்கணக்கு

நிலையத்துக்குள்ள நுழையும்போது ரயில் தடம் மாறும், பக்கவாட்டில் ஒரு குலுக்கு குலுக்கும். பிறகு பிரேக். நிக்கிறவங்க விழறது அங்கேதான். அதுக்காகத்தான் கதவுப்பக்கத்து இருக்கை சொன்னேன். செருப்பு போட்டு, கண்ணாடி, போன் எல்லாம் எடுத்து, 10 நிமிஷம் முன்னாடி தயாரா உட்கார்ந்திருக்கணும். எழுந்திருக்கிறது ரயில் நின்ன பிறகு. 4 அடி நடக்க அரை நிமிஷம்கூட ஆகாது.

ராத்திரி_ரயில்

என் கருத்து, பகலில் போறதே தப்பு. ராத்திரி கீழ்ப்படுக்கை எடுத்துப் படுத்துட்டுப் போனா காலும் வீங்காது, நேரமும் மிச்சம். எங்க மாமியாரை அப்படித்தான் கூட்டிட்டுப் போவேன்.

சுதா_இயன்முறை

வீக்கத்துக்கு நீங்க சொல்றது சரி. 4 மணி நேரத்துக்கு மேல அசையாம உட்கார்ந்து பயணம் செஞ்சா காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகுதுன்னு உலக சுகாதார அமைப்பின் ஆய்வு 2007இல் சொன்னது. தனிப்பட்ட ஒருவருக்கு அது இன்னும் சின்ன வாய்ப்புதான், ஆனா மணிக்கொரு தரம் பாதத்தை மேலயும் கீழயும் 20 தடவை அசைக்கச் சொல்லலாம், செலவில்லாத வேலை. 

ராத்திரியில் எனக்குப் பயம் வேற. 2 மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் எழுந்து, இருட்டில், ஆடுற பெட்டியில் கழிப்பறை போறது. படுத்தவங்க சடார்னு எழுந்தா ரத்த அழுத்தம் இறங்கும். காலைத் தொங்கப்போட்டு 2 நிமிஷம் உட்கார்ந்துட்டுத்தான் எழணும்.

ராத்திரி_ரயில்

மாமியார் எழும்போது நானும் எழுவேன் மேடம். கழிப்பறைக் கதவைத் தாழ் போட விடமாட்டேன், வெளியே கைப்பிடியைப் பிடிச்சிட்டு நிப்பேன். 6 தடவை போயிருக்கோம், ஒண்ணும் ஆகலை.

சுதா_இயன்முறை

உங்களை மாதிரி ஆள் இருந்தா சரிதான். தாழ் விஷயம் பகலுக்கும் பொருந்தும், கடைக்குட்டி குறிச்சுக்கோங்க.

மாலைநடை

2ஆம் நாள் பத்தி யாரும் பேசலையே. ஊரில் என்னென்ன இடம் இருக்கு? காலைல 2 இடம், சாயங்காலம் 2 இடம்னு போட்டா பார்த்து முடிச்சிடலாம்.

தடி_ஊன்றி

தம்பி, 4 இடம் நீங்க பார்ப்பீங்க. நாங்க 4 வாகன நிறுத்தம் பார்ப்போம்.

கடைக்குட்டி

ஒரே இடம்தான், அந்தப் பள்ளிக்கூடம். காலை 10 மணிக்குப் போய் 12க்குள்ள திரும்பறோம், வண்டி அங்கேயே நிக்கும். சாயங்காலம் அறைதான். யாராவது அப்பாவைப் பார்க்க வரணும்னா அங்கே வரட்டும்.

அறைக்கு ஒரு வேலை செஞ்சேன். "கீழ்த்தளம், வசதியான அறை"ன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் அங்கே இருக்கிறவர்கிட்ட போனில் படம் எடுத்துட்டே வாசலிலிருந்து கட்டில் வரைக்கும் நடந்து காட்டச் சொன்னேன். முதல் விடுதியில் "கீழ்த்தளம்"கிறது 7 படி ஏறி! கைப்பிடி கிடையாது. ரெண்டாவது விடுதியில் ஒரே படி, ஆனா குளியலறை வாசலில் அரையடி உயரத்துக்குத் திண்டு. கழிப்பறைக்குப் பக்கத்தில் பிடிச்சுக்க ஒண்ணுமில்லைன்னு பார்த்து, கனமான கை வெச்ச நாற்காலி ஒண்ணை உள்ளே போடச் சொல்லியிருக்கேன். கட்டில் முழங்கால் உயரம் இருக்கான்னும் கேட்டுட்டேன்.

பெட்டிக்கணக்கு

அருமை. பெட்டி கிடைச்சதா?

கடைக்குட்டி

போகும்போது நடுப்பெட்டி கிடைக்கலை சார். முன்னாலிருந்து 3ஆவது. ஆனா இறங்குற ஊரில் வாசல் ரயிலின் முன்பக்கம்னு விசாரிச்சிட்டேன், அதனால நல்லதுதான்.

பெட்டிக்கணக்கு

நல்லது. போயிட்டு வந்து சொல்லுங்க.

கடைக்குட்டி (5 வாரம் கழித்து)

போயிட்டு வந்துட்டோம். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

தடி_ஊன்றி ஐயா சொன்ன மாதிரி கணக்கை எழுதி அப்பாகிட்ட கொடுத்தேன். சிவப்புப் பேனா எடுத்துக் கூட்டலைச் சரிபார்த்தார். பாலத்து 60 மீட்டரை நான் விட்டிருந்தேன்! "உங்க அம்மாவுக்கு நாற்காலி சொல்லு, எனக்கு வேண்டாம்"னார். ரெண்டுமே சொல்லி வெச்சேன். டாக்டர் முதுகைப் படம் எடுக்கச் சொன்னார், திரும்பி வந்து எடுத்துக்கலாம்னு அனுமதி கொடுத்தார். அம்மாவோட மாத்திரையை மதியத்துக்கு மாத்திக்கச் சொன்னார். கிளம்புற அன்னிக்கு எல்லாம் ஒழுங்கா நடந்தது. மின்தூக்கி ஓடுச்சு, அப்பா முனகிட்டே நாற்காலியில் உட்கார்ந்தார். ரயிலில் அம்மா 6 மணி நேரத்தில் 2 தடவைதான் எழுந்தாங்க.

சிக்கல் இறங்கும்போது. நடுவில் ஒரு சந்திப்பில் ரயில் 20 நிமிஷம் நின்னுச்சு, கிளம்பும்போது பையன் "அம்மா, பின்னால போகுது!"ன்னான். இன்ஜினைக் கழட்டி மறுபக்கம் மாட்டிட்டாங்க. முன்னால இருந்த எங்க பெட்டி கடைசியிலிருந்து 3ஆவது ஆயிடுச்சு. வாசல் முன்பக்கம். கிட்டத்தட்ட 370 மீட்டர்!

நாற்காலி வந்தது ஒண்ணே ஒண்ணுதான், அதுவும் ஆள் இல்லாம நாற்காலி மட்டும். ரெண்டு பேருக்குச் சொல்லியிருந்தேன். அம்மாவை உட்கார வெச்சோம். கணவர் தள்ளப் போனார். அப்பா வந்து அவரை நகர்த்திட்டு "நான் தள்றேன்"னு கைப்பிடியைப் பிடிச்சார்.

நான் தடுக்கப் போனேன். அவர் முன்னால சாய்ஞ்சு, கைப்பிடியில் எடையைப் போட்டு, மெதுவா தள்ளிட்டே போறார். 100 மீட்டர், 150 மீட்டர், அறிவிப்புப் பலகை எதையும் படிக்கலை. நடுவில் ஒரே ஒரு தடவை நின்னார், அதுவும் அம்மா தண்ணி கேட்டதால. பிறகு 370ஐயும் முடிச்சிட்டு "இதுக்கா நாற்காலி சொன்னே?"ன்னார். சுதா மேடம் சொன்ன தள்ளுவண்டி எனக்கு அப்பத்தான் புரிஞ்சது.

பெட்டிக்கணக்கு

தப்பு என்னோடது. இன்ஜின் திசை மாறுற இடம் வழியில் இருக்கான்னு நான்தான் கேட்டிருக்கணும். நேர அட்டவணையில் ஒரு சந்திப்பில் காரணமில்லாம 15, 20 நிமிஷம் நிக்குதுன்னா சந்தேகப்படணும். நடுப்பெட்டின்னா திசை மாறினாலும் நடுவிலேயே இருக்கும். 30 வருஷம் பார்த்தவன் மறந்துட்டேன்.

சுதா_இயன்முறை

படிச்சிட்டு சந்தோஷமும் பதற்றமும் ஒண்ணா வந்துச்சு. அம்மா உட்கார்ந்திருந்ததால நாற்காலிக்கு எடை இருந்தது, அதனால தாங்கிச்சு. காலி நாற்காலியில் அப்படிச் சாய்ஞ்சா பின்பக்கமா கவிழ்ந்துடும். நடைமேடை சமதளம், சரிவா இருந்தா அப்பாவால பிடிச்சு நிறுத்தியிருக்க முடியாது. இனிமே அவருக்குன்னு நடைவண்டி வாங்கிடுங்க.

ஜன்னலோரம்

ஆனா மேடம், நடைவண்டின்னா அவர் தொட மாட்டார். மனைவி நாற்காலின்னாத்தானே தள்ளினார்?

தடி_ஊன்றி

தம்பி, இந்த இழையிலேயே முதல் தடவையா சரியா பேசியிருக்கீங்க. நடைவண்டியை அம்மா பேர்ல வாங்குங்கம்மா.

சுதா_இயன்முறை

உயரத்தை அப்பாவுக்குத் தகுந்த மாதிரி வெச்சுடுங்க. கைப்பிடி அவர் மணிக்கட்டு அளவுக்கு இருக்கணும்.

கடைக்குட்டி

இதுக்கு அப்பா என்ன சொல்வார்னு தெரியலை, வாங்கிப் பார்க்கிறேன். திரும்பின நாள் பத்தி: 22 கி.மீ. காரில் போய் ஏறினோம், நிதானமா ஏறி உட்கார்ந்த பிறகும் 9 நிமிஷம் மிச்சம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் அவர் பாடம் எடுத்த வகுப்பு மாடியில், 19 படி. கீழே நின்னு கைப்பிடிச் சுவரைப் பிடிச்சுக் குனிஞ்சு, கொஞ்ச நேரம் மேலே பார்த்துட்டே இருந்தார். பையனை மட்டும் மேலே அனுப்பி, ஜன்னலிலிருந்து என்ன தெரியுதுன்னு கத்தச் சொன்னார்.

குட்டியின்_அப்பா

என் தள்ளுவண்டி இருக்கைக்கு அடியில் போகலை. கடைசி இருக்கைக்குப் பின்னால் இருக்கிற இடுக்கில் போச்சு. நன்றி பெட்டிக்கணக்கு சார்.